கெயின் அல்ல, துருவம் நகர்ந்தால்: ரூட் லோகஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிக்கும் மாணவர்களும், அம்பத்தூர், கிண்டி பக்கம் மோட்டார் டிரைவ் வேலையில் இருப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. கேள்விகளை அவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

சார், K-ஐ மாத்தினா ரூட் லோகஸ் போடத் தெரியும். K-ஐ ஃபிக்ஸ் பண்ணிட்டு பிளான்ட்டோட துருவத்தை நகர்த்துனு கேட்டா எங்க ஆரம்பிக்கிறது?

சிறப்பியல்பு சமன்பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள், பிளாக் டயகிராமிலிருந்து வேண்டாம். 1948-இல் வால்டர் எவன்ஸ் இந்த முறையை வெளியிட்டபோது அவர் கையில் இருந்தது `1 + K·L(s) = 0` என்ற வடிவம் மட்டும்தான். அதில் K என்பது கெயினாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கேட்பதில்லை. ஒரு மெய்யெண் பெருக்கலாக வெளியே நின்றால் போதும். கோண விதி, மெய் அச்சு விதி எல்லாம் அப்படியே பொருந்தும்.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான். மூடிய லூப்பின் சிறப்பியல்பு பல்லுறுப்புக்கோவையை முழுதாக விரித்து எழுதுங்கள். நகரும் துருவம் −p-இல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, p உள்ள உறுப்புகளை ஒரு பக்கம் சேருங்கள், p இல்லாதவற்றை இன்னொரு பக்கம் சேருங்கள். `A(s) + p·B(s) = 0` என்று வரும். A-ஆல் வகுத்தால் `1 + p·B/A = 0`. இனி B/A-தான் உங்கள் லூப் சார்பு, p-தான் உங்கள் 'கெயின்'. சில பாடநூல்களில் இதற்கு ரூட் கான்டூர் என்று பெயர் பார்த்திருப்பீர்கள். செய்முறையில் புதிதாக ஒன்றும் இல்லை.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்க சார், எண்ணோட.

கரன்ட் டிரைவில் ஓடும் ஒரு டிசி மோட்டாரின் நிலைக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்வோம். டார்க் நேரடியாகக் கொடுக்கப்படுகிறது, அதனால் பேக் இஎம்எஃப் இங்கே தணிப்பு தராது. மோட்டாரின் பரிமாற்றச் சார்பு `(Kt/J) / (s(s + b/J))`. இதில் Kt டார்க் மாறிலி, b உராய்வு, J நிலைமத் திருப்புத்திறன். `p = b/J` என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டின் மீது ஒரு எடி கரன்ட் பிரேக் இருக்கிறது; அதை ஏற்றி இறக்கினால் b மாறும், p நகரும். முன்னால் ஒரு வடிகட்டி இருக்கிறது. அதன் நேர மாறிலியையே நேர அலகாக எடுத்துக்கொண்டால் அதன் துருவம் −1. எல்லா மாறிலிகளும் சேர்ந்து 20 என்று கொள்வோம். அப்போது

`G(s) = 20 / (s(s+1)(s+p))`

மூடிய லூப்பில் `s(s+1)(s+p) + 20 = 0`. விரித்தால் `s³ + s² + 20 + p·s(s+1) = 0`. அதாவது

`1 + p · s(s+1)/(s³ + s² + 20) = 0`

முதலில் தொடக்கப் புள்ளிகள். `s³ + s² + 20`-இன் மூலங்களைக் கால்குலேட்டரில் போட்டால் −3.09 ஒன்று, 1.05 ± j2.32 ஒரு ஜோடி. ஜோடி வலப் பாதியில் இருக்கிறது. p = 0 என்றால் உராய்வே இல்லை; இரண்டு தொகையீட்டுத் துருவங்களோடு ஒரு வடிகட்டியும் சேர்ந்து நிற்கிறது. அது நிலையற்றுப் போவதில் ஆச்சரியமில்லை. முடிவுப் புள்ளிகள் 0, −1. மூன்றாவது கிளை இடப்பக்க முடிவிலிக்குப் போகிறது.

மெய் அச்சில் லோகஸ் எங்கே? 0-க்கும் −1-க்கும் நடுவே உண்டு, −3.09-க்கு இடப்பக்கம் முழுதும் உண்டு. ஜோடி கிளம்பும் கோணத்தை மேல் துருவத்திலிருந்து பார்ப்போம். சுழியங்கள் 0, −1 தரும் கோணங்கள் 65.7°, 48.6°. துருவங்கள் தருவது 29.3°, 90°. `180 + 114.3 − 119.3 = 175°`. ஏறக்குறைய நேராக இடப்பக்கம் கிளம்புகிறது.

கற்பனை அச்சைக் கடக்கும் இடத்துக்கு ரவுத் அட்டவணை போதும். `s³ + (1+p)s² + p·s + 20` நிலையாக இருக்க `p(1+p) > 20` வேண்டும். அதாவது p > 4. p = 4-இல் பல்லுறுப்புக்கோவை `(s+5)(s²+4)` என்று அழகாகப் பிரிகிறது; கடக்கும் இடம் ±j2.

அதற்கப்புறம் நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. p = 10-இல் தணிப்பு விகிதம் 0.28, இயல் அதிர்வெண் 1.4. p = 21.8-இல் தணிப்பு விகிதம் 0.5 ஆகிறது, ஆனால் இயல் அதிர்வெண் 0.96-ஆக இறங்கிவிட்டது. ஜோடி மெய் அச்சைத் தொடும் இடம் s = −0.498, p சுமார் 80.5. அதற்கு மேல் ஒரு மூலம் 0 நோக்கி நகர்கிறது, இன்னொன்று −1 நோக்கிப் போகிறது. 0 நோக்கிப் போகும் மூலம் சிஸ்டத்தை மந்தமாக்கும். p-யை ஏற்றிக்கொண்டே போனால் நல்லதுதானே என்று நினைப்பவருக்கு இந்த இடம்தான் பதில்: பிரேக்கை இறுக்க இறுக்க ஆட்டம் நிற்கும், பிறகு இலக்கை அடையவே நேரம் பிடிக்கும்.

லோகஸ் வலப்பக்கத்துல ஆரம்பிக்குதே, அப்ப பிளான்ட்டே அன்ஸ்டேபிளா?

இல்லை. `s³ + s² + 20`-இன் மூலங்கள் பிளான்ட்டின் துருவங்கள் அல்ல. p = 0 ஆக இருக்கும்போது மூடிய லூப்பின் துருவங்கள் அவை. கெயின் லோகஸில் தொடக்கப் புள்ளிகள் திறந்த லூப் துருவங்களாக அமைவதால் இந்தக் குழப்பம் வருகிறது. அங்கேயும் K = 0-இல் மூடிய லூப்பின் துருவங்கள் அவைதான்; லூப் திறந்தே கிடப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இங்கே p = 0-இலும் லூப் மூடித்தான் இருக்கிறது.

சுழியங்களிலும் இதே கவனம் வேண்டும். படத்தில் 0-இலும் −1-இலும் வட்டம் போட்டிருப்போம். மூடிய லூப்பின் பரிமாற்றச் சார்பில் அந்தச் சுழியங்கள் கிடையாது. அதன் தொகுதியில் இருப்பது வெறும் 20. ஸ்டெப் ரெஸ்பான்ஸைக் கணிக்கும்போது படத்தில் உள்ள சுழியங்களைச் சேர்த்துக்கொண்டால் ஓவர்ஷூட் தப்பாக வரும். துருவங்களைப் படத்திலிருந்து எடுங்கள், தொகுதியை மூலச் சிஸ்டத்திலிருந்து எடுங்கள்.

என் ஃபிரண்ட் பிளான்ட்டை 20/(s+p)-னு எழுதாம 5p/(s+p)-னு எழுதிட்டான். அவன் படமும் p = 4-லதான் கடக்குது. ஆனா மத்ததெல்லாம் வேற மாதிரி வருது. யார் சரி?

இருவருமே சரியாக வரைந்திருக்கலாம். ஆனால் இரண்டும் வேறு வேறு பௌதிகம். துருவத்தை நகர்த்து என்று கேள்வித்தாளில் எழுதுவது சுலபம். நகரும்போது எது மாறாமல் நிற்கிறது என்று சொல்லாவிட்டால் அந்தக் கேள்வி பாதிக் கேள்விதான்.

நண்பரின் வடிவத்தைப் போட்டுப் பார்ப்போம். `G(s) = 5p/(s(s+1)(s+p))`. மூடிய லூப்பில்

`s²(s+1) + p(s² + s + 5) = 0`

இப்போது தொடக்கப் புள்ளிகள் 0-இல் இரண்டு, −1-இல் ஒன்று. முடிவுப் புள்ளிகள் `s² + s + 5`-இன் மூலங்கள், அதாவது −0.5 ± j2.18. ரவுத் நிபந்தனை `(1+p)p > 5p`. இங்கும் p > 4. p = 4-இல் 5p = 20 என்பதால் இரண்டு பிளான்ட்டும் அந்த ஒரு புள்ளியில் ஒன்றே. அதனால்தான் கடக்கும் இடம் ஒத்துப்போகிறது. அதை வைத்து இரண்டு படமும் ஒன்று என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

வித்தியாசம் p பெரிதாகும்போது தெரியும். முதல் வடிவத்தில் p ஏற ஏற தணிப்பு விகிதம் 0.5-ஐத் தாண்டி 1 வரை போனது. நண்பரின் வடிவத்தில் p = 20-இல் அது வெறும் 0.17. p முடிவிலிக்கே போனாலும் ஜோடி −0.5 ± j2.18-இல் போய் நிற்கும். அங்கே தணிப்பு விகிதம் 0.22. அதைத் தாண்ட வழியே இல்லை. காரணம் எளிது. முதல் வடிவத்தில் p ஏறும்போது திசைவேகப் பிழை மாறிலி 20/p இறங்குகிறது. துருவத்தை விலக்கியதோடு, தெரியாமல் கெயினையும் குறைத்துவிட்டீர்கள். தணிப்பு கூடியதற்கு முக்கியக் காரணம் அதுதான். நண்பரின் வடிவத்தில் அந்த மாறிலி 5-இலேயே நிற்கிறது. அங்கே துருவம் மட்டும் விலகுவதால் கிடைக்கும் லாபம் தனியாகத் தெரிகிறது. அது அவ்வளவு பெரிய லாபம் இல்லை.

மோட்டாரில் எது எப்போது? உராய்வு b மட்டும் மாறினால் தொகுதியில் உள்ள Kt/J அப்படியே இருக்கும், p மட்டும் நகரும்: முதல் வடிவம். J மாறினால் Kt/J-யும் b/J-யும் ஒரே விகிதத்தில் மாறும்: நண்பரின் வடிவம். வோல்டேஜ் டிரைவில், உராய்வு மிகக் குறைவாக இருந்து ஆர்மேச்சர் மின்தடை R மாறினாலும் நண்பரின் வடிவம்தான். அங்கே `p = Kt·Ke/(R·J)`, தொகுதி `Kt/(R·J)`; Ke பேக் இஎம்எஃப் மாறிலி. தொகுதியை p-ஆல் வகுத்தால் 1/Ke, அதில் R இல்லை.

இந்தக் கடைசி நிலை நம் ஊரில் சும்மா வருவது. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39% கூடும். மே மாதக் காலையில் 30 டிகிரியில் கிளப்பிய மோட்டாரின் சுற்று 100 டிகிரிக்குப் போனால் R சுமார் 27% ஏறும். p அதே அளவில் 1.27-ஆல் வகுபடும். p = 20 என்று வடிவமைத்திருந்தால் அது 15.7-க்கு வரும், தணிப்பு 0.17-இலிருந்து 0.15 ஆகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். p = 5 என்று விட்டிருந்தால் 3.9-க்கு வரும். அது எல்லைக்கு அந்தப் பக்கம். காலையில் ஓடிய மெஷின் மதியத்தில் ஆடத் தொடங்கும். இரவு ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். இப்படி வெப்பத்தோடு வந்து போகும் ஆட்டத்தைப் பார்த்தால் ஒயரிங்கைச் சந்தேகிக்கும் முன் இந்தப் படத்தை ஒருமுறை வரைந்து பாருங்கள்.

எந்த வடிவம்னு லேப்ல எப்படித் தெரிஞ்சிக்கிறது?

லூப்பைத் திறந்துவிட்டு, மோட்டாரின் வேகத்தை மட்டும் ஸ்கோப்பில் பாருங்கள். ஒரே அளவு ஸ்டெப்பை இரண்டு நிலைகளில் கொடுங்கள், உதாரணமாக பிரேக் தளர்வாக ஒருமுறை, இறுக்கி ஒருமுறை.

`K/(s+p)` என்ற பிளான்ட்டுக்குத் தொடக்கச் சரிவு K, கடைசி வேகம் K/p. p மாறினாலும் இரண்டு வளைகோடுகளும் ஒரே சரிவில் கிளம்பும், வேறு வேறு உயரத்தில் போய் நிற்கும். `K·p/(s+p)`-க்கு நேர்மாறு: கிளம்பும் சரிவு மாறும், போய்ச் சேரும் உயரம் ஒன்றே. இரண்டும் மாறினால் தொகுதியும் துருவமும் வேறு வேறு விகிதத்தில் மாறுகின்றன. அப்போது p-யை விட்டுவிட்டு, உண்மையில் மாறும் R, b, J எதுவோ அதையே மாறியாக எடுத்துச் சமன்பாட்டை முதலிலிருந்து பிரியுங்கள்.

ஸ்டெப் கொடுக்கும்போது கரன்ட் லிமிட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லிமிட்டில் முட்டினால், J மாறாதவரை எல்லா வளைகோடும் ஒரே சரிவில்தான் கிளம்பும். சரிவை மட்டும் பார்த்தால் முதல் வடிவம் மாதிரித் தெரியும்.

துருவத்துக்குப் பதிலா டைம் கான்ஸ்டன்ட் τ-வை மாத்தச் சொல்றாங்க. பிரிச்சா மேல டிகிரி 3, கீழ டிகிரி 2 வருது. தப்புப் பண்ணிட்டேனா?

தப்பு இல்லை. `s(s+1)(τs+1) + 5 = 0`-ஐப் பிரித்தால் `s² + s + 5 + τ·s²(s+1) = 0` என்றுதான் வரும். சுழியங்கள் மூன்று, துருவங்கள் இரண்டு. τ = 0-இல் சிஸ்டம் இரண்டாம் படி; τ கொஞ்சம் தலைகாட்டியதும் மூன்றாவது மூலம் இடப்பக்க முடிவிலியிலிருந்து உள்ளே வருகிறது. கையால் வரையும்போது தொந்தரவாக இருந்தால் p = 1/τ என்று மாற்றுங்கள். மேலே நண்பர் வரைந்த படமே கிடைக்கும், அம்புக்குறிகள் மட்டும் திரும்பியிருக்கும். p > 4 என்பது இங்கே τ < 0.25.

0-ல இருந்து முடிவிலி வரைக்கும் யாருக்கு வேணும்? என் p 10, கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், அவ்வளவுதான்.

நியாயம். `p = 10 + δ` என்று எழுதி δ-வை மாறியாக்குங்கள்:

`1 + δ · s(s+1)/(s³ + 11s² + 10s + 20) = 0`

தொடக்கப் புள்ளிகள் இப்போது நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் வடிவமைப்பின் துருவங்கள்: −10.21, −0.39 ± j1.34. δ கூட்டல் என்றால் வழக்கமான விதிகள்.

δ கழித்தல் என்றால் கோண விதி 180°-இலிருந்து 0°-க்கு மாறும், மெய் அச்சு விதியும் திரும்பும்: வலப்பக்கம் இரட்டைப்படை எண்ணிக்கை உள்ள இடம்தான் லோகஸ். எனவே −10.21-இல் உள்ள மூலம் வலப்பக்கம் நகர்ந்து −1 நோக்கி வரும். சரிபார்க்க ஒரு புள்ளி கையில் இருக்கிறது: δ = −6-இல், அதாவது p = 4-இல், அந்த மூலம் −5. பலர் கழித்தல் பக்கத்துக்கும் பழைய விதியையே போட்டு −10.21-ஐ இடப்பக்கம் தள்ளிவிடுகிறார்கள். இந்த ஒரு புள்ளியை வைத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

மூலம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று மட்டும் வேண்டுமென்றால் படம்கூட வேண்டாம். சிறப்பியல்பு சமன்பாட்டை p-யைப் பொறுத்து வகையிட்டால்

`ds/dp = −s(s+1) / (3s² + 2(1+p)s + p)`

p = 4, s = j2 என்று போட்டால் −0.155 − j0.138. எல்லையில் p ஒன்று கூடினால் ஜோடி சுமார் 0.15 இடப்பக்கம் நகரும். p = 5-இல் நேரடியாகத் தீர்த்தால் மெய்ப்பகுதி −0.13 வருகிறது, முதல்படித் தோராயத்துக்கு இது போதும்.

கையால போட்டதை எப்படி செக் பண்றது?

ரூட் லோகஸ் கட்டளையை வைத்துச் சரிபார்ப்பதில் ஒரு சிக்கல்: B/A-ஐயே தப்பாகப் பிரித்திருந்தால் அதே தப்பை அது அழகாக வரைந்து தரும். அதனால் பிரிக்காத பல்லுறுப்புக்கோவையின் மூலங்களைத் தனியாக எடுங்கள்.

```python
import numpy as np
for p in [0, 4, 10, 21.8, 80.5, 200]:
    print(p, np.roots([1, 1 + p, p, 20]))
```

நண்பரின் வடிவத்துக்குக் கடைசி எண்ணை `5*p` ஆக்கினால் போதும். ஆக்டேவில் வரைய:

```octave
pkg load control
rlocus(tf([1 1 0], [1 1 0 20]))
```

இரண்டிலும் p = 4-இல் ±j2 வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் பிரித்ததில்தான் பிழை. பெரும்பாலும் `p·s` உறுப்பை விட்டுவிட்டு `p·s²` மட்டும் எடுத்திருப்பீர்கள்.

ஒரே மாதிரி ரெண்டு ஸ்டேஜ், ரெண்டுலயும் p சேர்ந்தே நகருது. எப்படிப் பிரிக்கிறது?

பிரிக்க முடியாது. `s(s+p)² + K`-ஐ விரித்தால் `s³ + 2p·s² + p²·s + K`. p-யும் p²-உம் சேர்ந்து வருவதால் `1 + p·B/A` வடிவத்துக்குள் அடங்காது, எவன்ஸின் விதிகளும் செல்லாது. ரவுத் இன்னும் வேலை செய்யும்: `2p³ > K`. கிளைகள் வேண்டுமென்றால் p-யை அடுத்தடுத்து மாற்றி, மேலே உள்ள பைதான் வரிகளைப் போல மூலங்களைப் புள்ளி புள்ளியாகக் குறிப்பதுதான் வழி. ஒரு ஸ்டேஜின் p-யை நிறுத்தி வைத்துவிட்டு இன்னொன்றை மட்டும் நகர்த்திப் பல லோகஸ்களை ஒரே தாளில் போடலாம், ஆனால் இரண்டும் சேர்ந்து நகரும் பாதை அவற்றுள் எதுவும் ஆகாது.

ரோபோ கை நீளும்போது J ஓடிக்கிட்டே மாறுது. அப்பவும் இந்தப் படத்தை நம்பலாமா?

மாற்றம் மெதுவாக இருந்தால் நம்பலாம். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் p அந்த மதிப்பில் அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு போட்டது. மோட்டார் சூடாவது பல நிமிட வேலை, லூப் அடங்குவது நொடிக் கணக்கு, அங்கே கவலையில்லை. கை நீளும் நேரமும் லூப் அடங்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்று என்றால், வழியெங்கும் எல்லா மூலங்களும் இடப் பாதியில் இருந்தாலும் சிஸ்டம் நிலையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அங்கே J-யை நேரத்தின் சார்பாகவே வைத்து சிமுலேஷன் ஓட்டிப் பாருங்கள். கை முழுதாக நீண்ட நிலை, முழுதாக மடங்கிய நிலை இரண்டுக்கும் இந்தப் படத்தைப் போட்டு, கன்ட்ரோலரின் தொடக்க மதிப்புகளை எடுக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.